மஞ்சளுக்கு முதல் இடம்

எங்கள் ஊரில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதினால் முதல் வரி மஞ்சள்தான். கல்யாணமோ காதுகுத்தோ, வீட்டில் மஞ்சள் மூட்டையாக இருந்தாலும் சரி, மஞ்சள் என்று எழுதிவிட்டுத்தான் பருப்புக்கு வருவார்கள். நானும் அப்படித்தான் எழுதுவேன். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அதைக் கொண்டுவந்து முகக்கிரீம் பெட்டியில் வைத்தால் எனக்குக் கோபம் வருமா, வராதா?

1984இல் நான் திருத்தணியில் பஞ்சாட்சரம் முதலாளியின் கிரீம் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனி என்றால் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை. இரண்டு அடுப்பு, ஒரு கலக்கும் இயந்திரம், டப்பாவில் அடைக்க ஆறு பெண்கள். வேதியியல் படித்தவள் என்று அங்கே நான் ஒருத்திதான். அம்மையார்குப்பத்திலிருந்து காலை பஸ் பிடித்து வருவேன். ஊர்த் தறிச் சத்தத்திலிருந்து தப்பித்தோம் என்று நினைத்தேன். இங்கே முதலாளியின் வாய் அதற்கு மேல்.

சரக்கு ஒன்றே ஒன்றுதான், சந்தனக் கிரீம். அதை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு மெட்ராஸ் வியாபாரி கேட்டார். கேட்டதோடு நிற்காமல் ஒரு தாளும் அனுப்பினார். பெட்டியில் எல்லாப் பொருளும் இருக்க வேண்டும். எடை எது அதிகமோ அது முதலில், அப்புறம் அடுத்தது, அப்படியே இறங்கி வர வேண்டும். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவை கடைசியில் எப்படி வேண்டுமானாலும் வரலாம். நிறம் எல்லாவற்றுக்கும் கீழே. தோலில் சோதித்துப் பார்க்கும் முறையும், எந்தத் தோலுக்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதும் இருக்க வேண்டும். எனக்கு அந்தத் தாள் பிடித்துப்போனது. ஒழுங்கு என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது.

ஆனால் எடை எங்கே இருக்கிறது? கலவை போடும் கஜபதி ஒரு நோட்டு வைத்திருந்தான். அதில் எல்லாம் அடுப்பில் போடுகிற வரிசை. முதலில் ஸ்டியரிக் அமிலம், பாரஃபின் எண்ணெய், கம்பளிக் கொழுப்பு மூன்றையும் உருக்குவான். தண்ணீரை வேறு பாத்திரத்தில் சூடாக்கி கிளிசரினைக் கலப்பான். பிறகுதான் இரண்டும் சேரும். ஆறின பிறகு வாசனை. நோட்டில் தண்ணீருக்கு நேரே "மூணு கொடம்" என்று இருந்தது.

"எந்தக் கொடம், கஜபதி?"

"நம்ம கொடந்தான்."

"எத்தினி லிட்டர்?"

"ரொம்பத்தான் கேட்டுகினு கீற. ரொப்புனா ஒரு கொடம்."

அந்தக் குடத்தைத் தராசில் வைத்து, வெறுமையாக ஒரு தடவை, நிரப்பி ஒரு தடவை நிறுத்தேன். எல்லாப் பொருளையும் அப்படியே நிறுத்து நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட மூன்று நாள் ஆயிற்று. வரிசை வந்தது: தண்ணீர் அறுபத்தாறு, ஸ்டியரிக் அமிலம் பதின்மூன்று, பாரஃபின் எண்ணெய் ஏழு, கம்பளிக் கொழுப்பு ஐந்து, கிளிசரின் நான்கு, சந்தனத்தூள் இரண்டு, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமலிருக்கப் போடும் டிரைஎத்தனாலமின் ஒன்றரை. மஞ்சள் சாறு ஒன்றுக்கும் கீழே, அரையும் கொஞ்சமும். பிறகு வாசனை, கெடாமலிருக்கப் போடுவது, கடைசியில் நிறம்.

முதலாளி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இன்னாம்மா இது, முதல்ல தண்ணியா? தண்ணிய வித்துகினு கீறோம்னு நாமளே தண்டோரா போடணுமா?"

"அதுதாங்க அதிகம்."

"சந்தனக் கிரீம்னு பேரு. சந்தனம் ஆறாவதா வருது. மஞ்சள் எங்கியோ மூலையில கெடக்குது. மங்கலப் பொருள இப்பிடியா கடாசுவாங்க?"

"மங்கலத்துக்கு எடை இல்லீங்க."

மெட்ராஸ்காரர் விடமாட்டார் என்பதால் அந்தப் பெட்டி மட்டும் நான் எழுதினபடி அச்சாகி அரக்கோணம் வழியாகப் போய்ச் சேர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்குப் புத்தி கொஞ்சம் மட்டுதான்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அந்த நாளில் மலையடிவாரத்தில் எத்தனை தலை மொட்டையாகும் என்று யாரும் எண்ணியதில்லை. மொட்டை போட்டதும் சந்தனம் பூசுவார்கள். முதலாளிக்கு அங்கேதான் யோசனை உதித்தது: அரைத்த சந்தனத்துக்குப் பதில் நம் கிரீம். சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் கடைக்கும் இடம் பிடித்துவிட்டார்.

"வேணாங்க," என்றேன். "கத்தி பட்ட தோலுங்க அது. கீறல் இருக்கும். அதுல போடக்கூடாதுன்னு நானே எழுதியிருக்கேன்."

எழுதியதை அவர் முன்னால் உரக்கப் படித்தேன். முதலில் முழங்கை உள்மடிப்பில் சிறிதளவு தடவவும். ஒரு முழு நாள் கழுவாமல் விடவும். சிவப்போ அரிப்போ தடிப்போ கண்டால் உடனே கழுவிவிட்டு, மேலே பயன்படுத்த வேண்டாம். மறுநாள் தாமதமாகவும் அரிப்பு வரலாம், கவனிக்கவும். வறண்ட தோலுக்கு ஏற்றது. எண்ணெய்ப் பசையுள்ள தோலுக்கும் பருவுக்கும் ஏற்றதல்ல. வெட்டுக்காயத்திலும் புதிதாக மழித்த தோலிலும் தடவ வேண்டாம்.

"ஒரு நாளா? மொட்ட போட்டவன் மத்தியானம் பஸ் ஏறிடுவான்மா. பரிசோதன பண்ணு, பண்ணுன்னா நமக்கே நம்பிக்க இல்லன்னு ஆவாதா? எண்ணெய்த் தோலுக்கு ஆவாது, காயத்துக்கு ஆவாது... பாதி ஊர வெளிய அனுப்பிட்டியே."

செவிடன் காதில் ஊதின சங்கு. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கோபம் வந்தால் எனக்குத் தாகம் எடுக்கும்.

உள்ளூர்ப் பெட்டி அச்சாகி வந்ததும் எடுத்துப் படித்தேன். மஞ்சள், சந்தனம், கிளிசரின், வாசனைத் திரவியம். அப்புறம் மற்றதெல்லாம் அவர் மனம்போல. கடைசியில் தண்ணீர். அதற்கும் கடைசியில் கம்பளிக் கொழுப்பு. கோயில் ஊரில் ஆட்டு மயிர்க் கொழுப்பை முன்னால் காட்டக்கூடாது என்று அச்சகத்துக்கே போய் மாற்றியிருக்கிறார். சோதனைக் குறிப்பு மட்டும் பழைய அச்சுக் கட்டையோடு வந்துவிட்டது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். விலைச் சீட்டைச் சரியாக அதன்மேல் ஒட்டச் சொன்னார். ஆறு பெண்களும் ஒட்டினார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

கிருத்திகைக்கு முதல் நாள் மத்தியானம் முதலாளியின் மகள் காஞ்சனாக்கா கைக்குழந்தையோடு கம்பெனிக்கு வந்தாள். மறுநாள் குழந்தைக்கு முதல் மொட்டை. பள்ளிப்பட்டிலிருந்து அதற்காகத்தான் வந்திருந்தாள். என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூட்டிப்போனாள்.

"கமலா, இதுல கம்பளிக் கொழுப்புன்னு போட்டுகீதே. பிரசவத்துக்கு அப்புறம் ஒரு களிம்பு போட்டு எனக்கு எரிஞ்சு தடிச்சுது. அதுல அது இருந்துது, இனிமே அது வேணாம்னு டாக்டர் சொன்னாரு. இதுல கடைசியிலதான கீது? கடைசின்னா கொஞ்சூண்டுதான?"

பெட்டியைப் படித்து, வரிசையை நம்பி, சரியாகவே யோசித்திருக்கிறாள். வரிசை என்பது அதற்குத்தானே!

"கடைசி இல்லக்கா. நாலாவது. நூத்துக்கு அஞ்சு." என் நோட்டை எடுத்துக் காட்டினேன். "நீங்க இத தொட்டிருக்கவே கூடாது."

"தொட்டுட்டேனே." ரவிக்கைக் கையை மேலே தூக்கினாள். "ஒரு பெட்டியில விலைச் சீட்டு கிழிஞ்சுகினு இருந்துது. அடியில இப்பிடிச் சோதிச்சுப் பாருன்னு எழுதியிருந்துது. முந்தாநாள் தடவுனேன்."

முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய்க் காசளவு சிவந்து, தடித்து, சிறு கொப்புளங்களோடு இருந்தது.

நேரே முதலாளியிடம் கூட்டிப்போனேன். அவர் மகளின் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கொசு கடிச்சிருக்கும்."

"நைனா, கொசு வட்டம் போட்டா கடிக்கும்?"

"ஒனக்குச் சின்ன வயசுலயே எளசான தோலு. எல்லாருக்கும் அப்பிடியா ஆவும்?"

"எல்லாருக்கும் ஆவாதுங்க," என்றேன். "யாருக்கு ஆவும்னு முன்னாடியே தெரியாது. அதுக்குத்தான் சோதன. அந்தச் சீட்ட எடுத்துடச் சொல்லுங்க."

"நாளைக்கு விடிஞ்சா கிருத்திக. இப்பப் போயி சீட்டு, கீட்டுன்னு..." சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். காஞ்சனாக்கா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்ப் பானையைத் தேடிப் போனேன்.

மறுநாள் காலை பொய்கைக் கரையில் கால் வைக்க இடமில்லை. காவடிகள், அரோகரா, ஈரத்துணி, மயிர். கடையில் என்னை உட்காரவைத்துவிட்டு முதலாளி குடும்பத்தோடு மலை ஏறினார். அவர் தலை மறைந்ததும் நகத்தால் சீட்டைக் கிழிக்க ஆரம்பித்தேன். பசை நல்ல பசை. பத்துப் பெட்டிக்குள் இரண்டு நகம் போயிற்று. கேட்டு வந்தவர்களிடம் எல்லாம் இன்றைக்குத் தலையில் போடாதீர்கள் என்று சொன்னேன். சிலர் பெட்டியைத் திரும்ப வைத்தார்கள். சிலர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து வாங்கிக்கொண்டே போனார்கள்.

பதினொரு மணிக்கு முதலாளி இறங்கி வந்தார். தோளில் பேரன். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். கிரீம் இல்லை. கல்லில் அரைத்த சந்தனம், காய்ந்து வெடித்து, விரல் தடம் தெரிந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கிழித்த சீட்டுக் குவியலையும் பார்த்தார்.

அந்த நேரத்தில் திருவாலங்காட்டுப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, புதுமொட்டை போட்ட பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை முன்னால் நின்றாள். குழந்தையின் காதுக்கு மேலே கத்தி கீறி ஒரு சிவப்புக் கோடு. பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலாளியைக் கேட்டாள்:

"ஏங்க, நீங்கதான கடக்காரரு? ஒங்க புள்ளைக்கி இதத்தான் பூசியிருக்கீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார், ஏதாவது சொல் என்பதுபோல. மூன்று மாதமாக நான் சொல்லாததா? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இல்லம்மா," என்றார். "இவனுக்கு இது... வேணாம்னுட்டோம்."

"அப்ப எம் புள்ளைக்கி?"

பேரன் அவர் காதைப் பிடித்து இழுத்தான். அவர் குழந்தையைக் கீழே இறக்கவில்லை, பெட்டியை மட்டும் அந்த அம்மாள் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"வேணாம்மா. மேல நல்ல சந்தனம் விக்கிறாங்க, போயி வாங்கிப் பூசு."

அவள் போன பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொரு மொட்டைத் தலையாக. காலையிலிருந்து என் வாயையும் மீறிப் போன பெட்டிகள் அந்தக் கூட்டத்தில்தான் எங்கோ இருந்தன. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு மகள் கையில் வந்தது, போதவில்லை. முகம் தெரியாத ஒருத்தி கேட்க வேண்டியிருந்தது.

"மூடு, கமலா," என்றார். "எத்தினி போச்சு?"

"நாப்பத்தி மூணுங்க."

எண்ணைக் கேட்டதும் பேரனின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார், வெயிலுக்கு மறைப்பது போல.

அடுத்த வாரம் புதுப் பெட்டிக்கு நகல் எழுதினேன். தண்ணீர் முதலில், கம்பளிக் கொழுப்பு நான்காவது, குறிப்பு பெரிய எழுத்தில். அவர் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். ஒன்றையும் மாற்றவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடும்போது மட்டும் கேட்டார்:

"அந்த நாப்பத்தி மூணு பேரும் எங்க கீறாங்கன்னு எப்பிடிம்மா கண்டுபுடிக்கிறது?"