நாப்பது டிகிரி

யாக்கோபு குடிக்கல. இந்த ரெண்டு வார்த்தைய எடுத்தவொடனே சொல்லிப்போடறேன். ஏன்னா குடிச்சிருப்பான்னு சொன்னவனே நாந்தான்.

வேலந்தாவளத்துல பதினெட்டு வருசமா ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன். ஆட்டோமேட்டிக் கியர் வண்டின்னா கருப்புசாமிகிட்டப் போன்னு சொல்லுவாங்க. என்ஜினை நிறுத்திட்டு கியர்பாக்ஸ் ஆயில் பாக்கறவனைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். நின்ன வண்டில மேல சுத்தற ஆயிலெல்லாம் கீழ எறங்கி, இல்லாத அளவை இருக்கறதாக் காட்டும். பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடு பண்ணோணும், எல்லாக் கியருக்கும் ஒருக்கா மாத்தி பார்க்ல போடோணும், என்ஜின் ஓட ஓடவே டிப்ஸ்டிக்கை, அதான் அளவு பாக்கற கம்பிய, உருவோணும். இதுதான் என் வேதம்.

கோபிநாத் அண்ணனுக்கு இங்க தென்னந்தோப்பு, தேவிகுளத்துப் பக்கம் ஏலத்தோட்டம். அவரு கார் கியர்பாக்ஸ் ஆயில் மாத்த எங்கிட்ட வந்துச்சு. அந்த வண்டில டிப்ஸ்டிக்கே கெடையாது. கண்டவனும் தொறந்து கண்ட ஆயிலையும் ஊத்தறான்னு கம்பெனிக்காரன் கம்பியவே எடுத்துட்டான். ஒழுக்கு இல்லீன்னா கொறையாத ஆயிலை நீ எதுக்குப் பாக்கறேன்னு அவனுக்கு நெனப்பு. அதுக்குப் பதிலா கியர்பாக்ஸ் அடில ஒரு போல்ட். என்ஜின் ஓட ஓட அதைக் கழட்டுனா, அளவுக்கு மிஞ்சுன ஆயில் வழிஞ்சு சொட்டுச் சொட்டா நிக்கும். அதான் அளவு.

ஆனா ஆயில் நாப்பது டிகிரில இருக்கறப்பப் பாக்கோணும். ஸ்கேனர் மாட்டுனா சூடு எத்தனைன்னு காட்டும். பக்கத்துக்கட ஷிஜு, "ஸ்கேனர் தரட்டா?"ன்னு கேட்டான். "போடா, கைய வெச்சா எனக்குத் தெரியும்"னேன். கொழுப்பு!

ஆயில் மாத்தி, கொழிஞ்சாம்பாறை வரைக்கும் ஓட்டிட்டு வந்து, கொதிக்கக் கொதிக்க போல்ட்டைக் கழட்டுனேன். கொடகொடன்னு கொட்டுச்சு. கூடப்போச்சுன்னு விட்டேன். சூட்டுல உப்புன ஆயில் அது. ஆறுனா சுருங்கி அளவு கொறையும்னு எனக்கு ஒறைக்கலீங்க.

வண்டிய மலைக்கு எடுத்துட்டுப் போன அண்ணனோட டிரைவர் யாக்கோபு, தேவிகுளம் பக்கத்துல பள்ளிவாசல்ங்கற ஊர்க்காரன். நாலு நாள் கழிச்சுத் திரும்பி வந்தான். "அண்ணே, காலைல குளிர்ல ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. என்ஜின் உறுமுது, வண்டி நகரல. கொஞ்ச நேரம் ஓடிச் சூடாயிட்டா ஒண்ணுமில்ல"ன்னான். ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெயாட்டம் போச்சு. போகாம? மலையெறங்கி நூறு கிலோமீட்டருக்கு மேல வந்த வண்டி!

"மொதல்ல ஓட்டிப் பழகுப்பா"ன்னு அனுப்பிட்டேன்.

அடுத்த வாரம் விடிகாலைல, அண்ணன் சம்சாரம் பின்னால உக்காந்திருக்க, வண்டி ஏத்தத்துல பின்னால உருண்டு மதில்ல மோதிருச்சு. நல்லகாலம், யாருக்கும் அடியில்ல. அண்ணன் போன் பண்ணிக் கேட்டாரு, "ஏனப்பா, வண்டில கோளாறா?"

"வண்டில ஒண்ணுமில்லீங்ணா. பழைய பழக்கம் திரும்பிருக்கும், மப்புல இருந்திருப்பான்." வாய் கூசாமச் சொன்னேன். ஆறு வருசத்துக்கு முன்னாலயே அவன் குடிய விட்டது எனக்கும் தெரியும். அன்னிக்கே அவனை வேலையை விட்டு நிறுத்திட்டாரு.

மூணு வாரம் கழிச்சு, பின்பக்க பம்பர் மாத்த வண்டி எங்கிட்டத்தான் வந்துச்சு. ராத்திரி நின்ன வண்டிய மார்கழிக் காத்துல காலைல ரிவர்ஸ் போட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணற வரைக்கும் அசையல. ஷிஜுகிட்ட ஸ்கேனரை வாங்கி மாட்டி, வண்டிய மட்டமாத் தூக்கி, என்ஜினை ஓட விட்டேன். நாப்பது காட்டுச்சு. போல்ட்டைக் கழட்டுனேன்.

ஒரு சொட்டு வரல.

சொட்டற வரைக்கும் ஊத்துனேன். அரை லிட்டருக்கு மேல குடிச்சுது. குடிச்சது வண்டிதான், அவன் இல்ல. அடப்பாவின்னு என்னையே திட்டிக்கிட்டு அங்கயே தரைல உக்காந்துட்டேன்.

ஸ்கேனரைக் கழட்டாம அண்ணன் ஊட்டுக்கு ஆளனுப்பி வரச்சொல்லி, ஒண்ணுவிடாமச் சொன்னேன். அடிப்பாருன்னு நெனச்சேன். "அவனை வேலைக்கு வரச்சொல்லு"ன்னாரு. போனை எடுத்து யாக்கோபு நம்பரைப் போட்டு எங்கைல குடுத்தாரு.

"யாக்கோபு, தப்பு எம்மேலப்பா. ஆயில் கொறைச்சு விட்டது நான். குடிச்சேன்னு பொய் சொன்னதும் நான். அண்ணன் உன்னை வேலைக்கு வரச்சொல்றாரு."

திட்டித் தொலையேன்டான்னு இருந்துச்சு எனக்கு.

"வேலை கெடக்கட்டும்ணே. எம் பொண்டாட்டி புஷ்பமேரி மூணு வாரமா எங்கிட்டப் பேசல. பைபிள்ல கைய வெச்சுச் சொன்னேன், நம்ப மாட்டேங்கா. 'கருப்புசாமி அண்ணன் பொய்யா சொல்லப்போறாரு'ங்கா. இருங்க, போனை அவகிட்டக் குடுக்கேன். இப்ப சொன்னதை அவகிட்டயும் சொல்லுங்க."

போன் கைமாறுற சத்தம் கேட்டுச்சு. "சொல்லுங்கண்ணே"ன்னு ஒரு பொம்பளைக் குரல், மரியாதையா.