கேட்கவில்லை என்றான் மாணவன்

பள்ளியில் எல்லாரும் அவளைக் கணக்கு டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்டவள், வீட்டிலிருந்தே பாடம் நடத்தலாமென்று ஆன்லைன் வகுப்பு நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். கணக்குத் தேர்வை ஊதித் தள்ளிவிட்டாள். காலையில் இணைய வேகத்தைச் சோதித்தபோதும் குறையில்லை. பாக்கி இருந்தது மாதிரி வகுப்பு மட்டுமே.

அதை மதிப்பிடத் திரையில் வந்த அதிகாரி, "நான் ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி நடிப்பேன், மேடம். நீங்க சொல்லிக் கொடுங்க," என்றார்.

திரைப் பலகையில் மூன்று மீட்டர் நாடா ஒன்றை வரைந்தாள். "இது மூணு மீட்டர் நாடா. இதை அரை மீட்டர் துண்டா வெட்டினா எத்தனை துண்டு வரும்?"

அதிகாரி தலையைச் சொறிந்தார். "மிஸ், கேக்கல."

கவனமில்லாத பையன் வேஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். "சரி கண்ணா, நாடாவைப் பாரு."

"மிஸ், ஒண்ணுமே கேக்கல."

அவர் முகமும் குரலும் பளிச்சென்று வந்துகொண்டிருந்தன. பிறகு எப்படிக் கேட்காமல் போகும்? கோபப்படுகிறாளா என்று ஆழம் பார்க்கிறாரோ? சிரித்த முகத்தோடு இன்னும் உரக்கச் சொன்னாள். அவரோ காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். அடங்காத பிள்ளையாக இருக்கிறதே என்று அவளுக்கு வியர்த்தது.

அரட்டைப் பெட்டியில் ஒரு வரி வந்து விழுந்தது: 'நடிக்கவில்லை. நிஜமாகவே கேட்கவில்லை.'

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வீடியோ எடுக்கும் தொழில் செய்யும் கொழுந்தன், அடுத்த அறையில் கல்யாண வீடியோ ஒன்றை வாடிக்கையாளருக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

"நெட்டை என்னடா பண்ற? அவரு பேசுறது எனக்குக் கேக்குது, நான் பேசுறது அவருக்குப் போகலியே!"

"ஐயோ அண்ணி! நான் ஏத்துற வீடியோதான் போற வழியை அடைச்சிருக்கு. வர்ற வழி வேற, அதான் உங்களுக்குக் கேக்குது. இருங்க, நிறுத்திடறேன்."

அவன் நிறுத்தும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை. கைப்பேசி இணையத்துக்கு மாறி, வகுப்புக்குள் மறுபடி நுழைந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள், வந்ததோ வேறு. "கண்ணா, கடைசியா என்ன கேட்டுச்சு உனக்கு?"

"மூணு மீட்டர் நாடா, மிஸ்."

அங்கிருந்தே தொடங்கினாள். நாடாவில் அவரையே கோடு போடச் சொன்னாள். ஆறு துண்டு வந்ததும் அவர், "வகுத்தா குறையத்தானே செய்யணும்? இது எப்படிக் கூடுது?" என்று கேட்டார். இது நடிப்பா, நிஜமா? அவளுக்குப் பிடிபடவில்லை. எதுவாயிருந்தாலும் பதில் ஒன்றுதானே என்று, "நாடா கூடலப்பா. துண்டு சின்னது, அதனால எண்ணிக்கை கூடுது," என்றாள்.

சாயங்காலம் மின்னஞ்சல் வந்தது. பாட அறிவு, திரையில் கற்பித்தல் இரண்டும் தேர்ச்சி. இணைப்பு மட்டும் தேர்ச்சியில்லை. படித்துவிட்டு, "இப்ப நான் பாஸா, ஃபெயிலா?" என்று கணவனைக் கேட்டாள். அவனுக்கும் விளங்கவில்லை. நிறுவனத்துக்கே ஃபோன் போட்டாள்.

"இணைப்பை மட்டும் மறுபடி சோதிப்போம், மேடம். வைஃபை வேணாம், மோடத்துலேர்ந்து நேரா கம்பி போட்டுக்குங்க," என்றார் அதே அதிகாரி.

மறுநாள் கொழுந்தனே கம்பி வாங்கி வந்து அவள் மேஜைவரை இழுத்துக் கொடுத்தான். அவள் வகுப்பு நேரத்தில் எதையும் ஏற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டான். மறுசோதனையில் எல்லாவற்றுக்கும் தேர்ச்சி என்று பச்சைக் குறி விழுந்தது. திங்கட்கிழமை வகுப்புக்கு அவளுக்கு நான்கு பிள்ளைகளை ஒதுக்கினார்கள்.