நிரப்பாத இருபத்தேழு

இந்நேரம் அவள் பிணத்தின் முழங்கையைப் பிரித்து நரம்பைத் தேடிக்கொண்டிருப்பாள். மணி பத்தேகால். கையுறைக்குள் விரல் வேர்த்திருக்கும். நரம்பின் பெயர் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவாள். அவளுக்கு எதுவும் மறக்காது.

சண்முகப்பிரியா பிப்பெட்டில் பத்து மில்லி சிவப்புச் சாயத்தை உறிஞ்சி எடுத்தபடி இப்படி நினைத்துக்கொண்டாள். அளவுக் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்தாள். ஒரு சொட்டு கூடுதல். விரலைத் தளர்த்தி அதை இறக்கினாள்.

'அவள்' வேறு யாருமில்லை. நீட் தேர்வில் தேறி மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்ட இன்னொரு சண்முகப்பிரியா. ஜூன் மாதம் முடிவு வந்த அன்று உண்டானவள். அன்றிலிருந்து கூடவே இருக்கிறாள். காலையில் பல் துலக்கும்போது விடுதியில் துலக்குவாள். இவள் நல்லூரில் பஸ் ஏறும்போது அங்கே வகுப்புக்கு நடப்பாள். வெள்ளைக் கோட்டை இருவரும் ஒரே நேரத்தில்தான் மாட்டுகிறார்கள். இவளுடையதில் மட்டும் சாயக் கறை.

முதல் முறை எழுதியபோது தெரிந்தது, தெரியாதது எல்லாவற்றுக்கும் வட்டத்தைக் கறுப்பாக்கினாள். சரியானதற்கு நாலு மார்க், தப்பானதற்கு ஒன்று கழியும். கழிந்தே கரைந்துபோனது. நாமக்கல் பக்கம் கோச்சிங் விடுதியில் ஒரு வருடம் அதையேதான் சொல்லிக் கொடுத்தார்கள்: சந்தேகம் இருந்தால் விட்டுவிடு, விட்டால் பூஜ்யம், தப்பானால் மைனஸ். இரண்டாம் முறை அந்தப் பாடத்தை மட்டும் பிசகாமல் எழுதினாள். நூற்றெண்பதில் அறுபத்தொன்றை விட்டாள். வந்தது நானூற்றொன்று. அவள் பிரிவுக்கு அரசுக் கல்லூரியின் கடைசி இடம் அதற்கு வெகு மேலே நின்றது.

அதோடு முடிந்திருந்தால் ஆறியிருக்கும். விடைக்குறிப்பு வெளியானதும் தன் விடைத்தாளின் படத்தை இறக்கி, கேள்வித்தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விட்ட கேள்விகள் ஓரத்தில் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்திருந்தாள், இதுவாக இருக்குமோ என்று. இருபத்தேழு புள்ளிகள் சரி. நூற்றெட்டு மார்க். தெரிந்தும் வாய் திறக்காத இருபத்தேழு வட்டங்கள். கண்ணை மூடினால் அவை வரிசையாக வெள்ளையாக நிற்கும், வாய் பிளந்தாற்போல. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"அடுத்த அப்ளிகேசன் வர்ற வரைக்கும் ஊட்ல உக்காந்து சுவத்தப் பாக்காத கண்ணு," என்று அப்பா ரத்தினசாமிதான் இந்தச் சாயப்பட்டறை ஆய்வகத்தில் சேர்த்துவிட்டார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவர். ப்ளஸ் டூவில் கெமிஸ்ட்ரி நன்றாகப் படித்தவள், பொழுது போகும் என்று நினைத்தார்.

இங்கே வேலை இதுதான். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு கலர்த் துண்டை அனுப்புவார். அதே கலரை ஐந்து கிராம் துணியில் கொண்டுவர வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலக் கரைசல்களை அளந்து இரும்புக் குப்பியில் ஊற்றி, உப்பும் சோடாவும் சேர்த்து, அறுபது டிகிரியில் மெஷின் சுழற்றும். பிறகு அலசி, சோப்பில் கொதிக்கவிட்டு, இஸ்திரி போட்டு, விளக்குப் பெட்டிக்குள் பையர் துண்டோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாக நாலு துண்டு, ஒரே அட்டையில் பின் அடித்து அனுப்புவார்கள். ஏ, பி, சி, டி.

முதல்நாள் அந்த அட்டையில் கேள்வித்தாளின் நாலு விடைகளைக் கண்டவள்போல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கூட வேலை செய்யும் மாரிச்செல்வம், உசிலம்பட்டிக்காரன், சிரித்தான்.

"என்னா டாக்டரம்மா, துணியப் பாத்தே மயக்கமா? ரத்தத்தப் பாத்தா என்னா செய்வீக?"

"நாலுல எது சரிங்க?" என்று கேட்டாள்.

"எனக்கென்னா தெரியும்? நாலும் ஊத்திக்கும், இல்லாட்டி நாலும் ஓகேம்பான். அவன் மூடு."

புரட்டாசியில் ஒரு கரும்பச்சை வந்தது. வழக்கமான நீலம் தீர்ந்திருந்ததால் மாரிச்செல்வம் வேறு நீலத்தில் கலவை கட்டினான். பெட்டியில் பகல் வெளிச்ச விளக்கில் அச்சாகப் பொருந்தியது. சண்முகப்பிரியா சும்மா கை போன போக்கில் கடைகளில் எரிவது போன்ற இன்னொரு விளக்கின் பொத்தானை அழுத்தினாள். நாலு துண்டும் லேசாகச் சிவந்தன. பையர் துண்டு மட்டும் பச்சையாகவே கிடந்தது.

அவள் வாயைத் திறந்தாள். சந்தேகமா? சந்தேகம்தான். வந்து ஒரு மாதம் ஆனவள். தப்பாக இருந்தால்? விளக்கை அணைத்தாள். அட்டை போயிற்று.

பத்து நாளில் திரும்பி வந்தது. நாலுக்கும் குறுக்கே கோடு. 'கடை வெளிச்சத்தில் சிவப்படிக்கிறது.' சாயம் ஏற்றக் காத்திருந்த துணி முழுக்கத் தேங்கியது. மேனேஜர் வேல்குமார் அறை நடுவே நின்று கேட்டார்.

"ஏனுங்க மாரி, ரெண்டு வெளக்குலயும் பாக்கறதுக்கென்ன? பச்சப் புள்ளைங்களா நீங்க? ஒருத்தரு கண்ணுலயும் படலீங்களா?"

மாரிச்செல்வம் தலையைத் தொங்கப் போட்டு நின்றான். சண்முகப்பிரியா இருபத்தெட்டு என்று எண்ணிக்கொண்டாள். விட்டால் பூஜ்யம் என்பது பொய். மைனஸ் இன்னொருவன் தலையில் விழுந்தது.

"எனக்குப் பட்டுதுங்க," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான் சொல்லலீங்க."

வேல்குமார் அவளையே பார்த்தார். "பட்டதச் சொல்றதுக்குத்தான் சம்பளமுங்க," என்றுவிட்டுப் போனார்.

"ஏத்தா, அப்பவே சொல்லிருக்கலாம்ல," என்றான் மாரிச்செல்வம். கோபம் இல்லை, அலுப்புதான். "தப்பா இருந்தா சிரிச்சிருப்பேன். அம்புட்டுத்தான்."

அந்த அட்டையை அவள் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். தேர்வு அவளை இரண்டு முறை தள்ளியது. ஒரு எண்ணைக் கொடுத்துத் தள்ளியது. இந்தத் தள்ளல் எங்கே, எவ்வளவு என்று எழுதியிருந்தது. நீலத்தை மாற்றி, சிவப்பை அரை மில்லி குறைத்து மறுபடி கட்டினாள். இரண்டு விளக்கிலும் பார்த்தாள். ஜன்னலோரம் கொண்டுபோயும் பார்த்தாள். புது அட்டையில் சி தேறியது.

அதற்குப் பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். பாதி தப்பாகப் போகும், மாரிச்செல்வம் சிரிப்பான். மார்கழியில் சிரிப்பது குறைந்தது. ப்ளஸ் டூ சயின்ஸ் படித்தவர்களைப் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேர்ப்பார்கள், துணிச் சாயத்துக்கென்றே ஒரு டிப்ளமோ இருக்கிறது என்று அவன்தான் பேச்சுவாக்கில் சொன்னான். அவள் அதை வீட்டில் சொல்லவில்லை. ஆனால் மார்க் ஷீட்டை நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

'அவள்' மட்டும் போகவில்லை. குப்பியைக் கழுவும்போது குழாய்க்குப் பக்கத்தில் நின்று தானும் கை கழுவுவாள். இவளைவிட ஒரு பிடி நிமிர்ந்து நிற்பாள்.

பிப்ரவரியில், சிவப்புச் சாயம் எடுத்த இந்தப் பத்தேகாலுக்கு, பிப்பெட்டைக் கீழே வைத்த நேரத்தில், கைப்பேசி அதிர்ந்தது. ஆறு இலக்க எண் ஒன்று. மூன்றாம் முறை நீட் விண்ணப்பத்தை உறுதி செய்வதற்கு. சற்று நேரத்தில் காலாவதியாகிவிடும் என்றும் எழுதியிருந்தது. பின்னாலேயே அப்பா அழைத்தார்.

எடுக்காமல் விடலாம். எண் தானாகச் செத்துப்போகும். வேலையாக இருந்தேன் என்று சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். மறுபடி ஒரு வெள்ளை வட்டம். விளக்குப் பெட்டியின் கண்ணாடியில் இரண்டு வெள்ளைக் கோட்டுகள் தெரிந்தாற்போல் இருந்தது.

எடுத்தாள்.

"கண்ணு, பிரவுசிங் சென்டர்ல இருக்கேன். எல்லாம் நெரப்பியாச்சு. உன்ற போன்ல நம்பர் வந்திருக்கும், சொல்லு சாமி. மூணு மாசம் கிராஷ் கோர்ஸ், வார்டன்கிட்ட பேசிட்டேன். இந்தத் தடவ தாண்டிருவ."

பின்னால் யாரோ பிரிண்ட் எடுக்கும் சத்தம். அப்பா பேனாவோடு காத்திருப்பது கேட்டது.

"வந்துதுங்கப்பா."

"ம், சொல்லு."

"சொல்லலீங்கப்பா."

"என்ன கண்ணு? செரியாக் கேக்கல. டைம் போகுது பாரு."

"நம்பர் தெரியுதுங்கப்பா," என்றாள் மெதுவாக. "நான் தரலீங்க."