சபை இறக்கிய மீன் ஆப்

என் மகள் பின்சி திருவனந்தபுரத்து மீன் கம்பெனி ஒன்றுக்கு விளம்பர வேலை பார்த்தாள். போனில் அவர்கள் ஆப் வழியாக ஆர்டர் போட்டால் மீன் வீட்டுக்கு வரும். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையில் உள்ளவர்களை அந்த ஆப்பைத் தங்கள் போனில் இறக்க வைப்பது அவள் பொறுப்பு. வாசலுக்குத் தினமும் மீன்காரி வருகிற ஊரில் இது எடுபடாது என்று நான் அன்றே சொன்னேன்.

அவளுக்கு மேலே சிபி என்று ஒருவன். மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பான். சரியில்லை என்றால் எங்கள் பக்கத்து விளம்பரம் நிற்கும், இவள் வேலையும் போகும். எத்தனை பேர் இறக்கினார்கள் என்பது அவனுக்குப் பெரிதில்லை. இறக்கியவர்களில் ஒரு வாரம் கழிந்தும் திறந்து பார்க்கிறவர் எத்தனை, ஆர்டர் போட்டவர் எத்தனை, அதுதான் கணக்கு. அது எனக்குப் பிடித்தது. அமரவிளையில் நான் வாழைக்குலை விற்றபோது, விலை கேட்டுவிட்டுப் போனவனை வியாபாரத்தில் சேர்த்ததில்லை.

கூட்டம் கூட்டமாக ஆள் காட்டிய ஒரு ஏஜென்டை பின்சி நிறுத்தியிருந்தாள். அவன் கொண்டுவந்ததில் ஒருவரும் ஆப்பை மறுபடி திறக்கவில்லை. மிச்சம் வைத்திருந்தது ஒரு சின்ன விளம்பரம். அதில் வந்தவர் கொஞ்சம். ஆனால் மீன்காரி வருவதற்குள் வேலைக்குப் போய்விடும் புருஷன் பெண்டாட்டிகள் அவர்கள். திரும்பத் திரும்ப வாங்கினார்கள். அந்தக் கொஞ்சம் பேரை வைத்துத்தான் அவள் நின்றாள்.

அந்த விளம்பரத்தின் லிங்க் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க, அவள் தன் அம்மைக்கு அனுப்பியிருக்கிறாள். என் பெண்டாட்டி ஆனந்தபாய் அதைச் சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலர் யோசுவா, கல்யாண அறிவிப்போடு சேர்த்து இதையும் வாசித்தார். முன்னால் நின்று கேட்டால் எங்கள் சபையில் யாரும் மாட்டேன் என்பதில்லை. அறுப்பின் பண்டிகைக்குச் சபையில் நடக்கும் ஏலத்தில் வேண்டாத பூசணிக்காயையும் எடுப்பவர்கள். சபை ஹாலில் இருந்த வைஃபையைப் பிடித்து எல்லாரும் இறக்கினார்கள். ஆனந்தபாய் கல்யாண வீட்டுக்காரிபோல நடந்தாள்.

மறுநாள் பின்சி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு சாப்பிட எழவில்லை.

"அம்மா, அந்த லிங்கில எனக்க விளம்பரத்துக்க அடையாளம் உண்டு. அதுவழி வந்தவங்க எல்லாம் அந்த விளம்பரம் கொண்டுவந்த ஆளுன்னாக்கும் கணக்கு."

"நல்லதுதானே மக்கா? ஆளு கூடிச்சே."

"கூடினவங்க ஒருத்தரும் தொறக்கல்ல. இனி நூறு பேருல எத்தன பேரு நிக்காங்கன்னு பாத்தா, எனக்க பழைய ஆளுகளும் அதுக்குள்ள முங்கிப் போவாங்க. எல்லாம் ஒரே வைஃபையில இருந்து வேற. கள்ள ஆளுன்னு காட்டுது."

ஆனந்தபாய்க்கு இதில் பாதி பிடிபட்டது. திறந்து ஆர்டர் போட்டால் சரியாகும் என்று எடுத்துக்கொண்டாள். எங்கள் இருவரிடமும் சொல்லாமல் குழுவில் அதையும் போட்டாள். சொன்னபடி பெண்கள் ஆர்டர் போட்டார்கள். மீன் பெட்டி வாசலுக்கு வந்தபோது, மீன்காரியிடம் காலையிலேயே வாங்கியாயிற்று, இது பின்சிக்காகச் சும்மா அமுக்கியது என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்கள். அந்த வாரமே பாதிப் பேர் போனில் இடமில்லை என்று ஆப்பை அழித்தும் விட்டார்கள்.

சிபி கூப்பிட்டான். பின்சி போனை மேஜையில் வைத்துப் பேசினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களைத் தனியே பிரித்துவிட்டுப் பார்க்கச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் சத்தம் போடவில்லை. மலையாளத்தில் மரியாதையாகவே கேட்டான்: பிரிக்கலாம், ஆனால் அந்த ஞாயிறுக்கு முன்னால் வந்து வாங்கியவர்களும் உன் சொந்தக்காரர்கள் இல்லை என்று நான் எப்படி நம்புவது?

அந்தப் பழைய ஆட்களின் முகத்தைக்கூட இவள் பார்த்ததில்லை. அதை எப்படிக் காட்டுவது? அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். அதனால் எனக்கு அவனைத் திட்டவும் வழியில்லை.

மாதக் கடைசி வரைக்கும் அவன் காத்திருக்கவில்லை. விளம்பரம் நின்றது, பின்சியின் வேலையும் போனது. கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிற பக்கமும் அவளுக்குத் திறக்காமல் ஆயிற்று. ஆனந்தபாய் அடுக்களையில் நின்று அழுதாள். பின்சி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இருவருக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சபையில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பின்சி கேட்டுக்கொண்டாள். நல்லதென்று செய்தவர்கள், மனசு நோகும் என்றாள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது, செயலர் யோசுவாவின் பெண்டாட்டி லேகா என்னிடம் வந்தாள். அவள் இன்னும் ஆப்பை அழிக்காமல் வைத்திருக்கிறாளாம்.

"மாமா, பின்சிக்கு வேல உறுதியாச்சு இல்லியா? இனி அத அழிக்கலாமா? பேரப்பிள்ளைக்க போட்டோ எடுக்க எடமில்ல."

"அழிச்சுக்க மக்கா" என்றேன்.

அங்கேயே நின்று அழித்தாள்.