எண்பது கோழிகளும் பதினொரு ஃபிரேமும்

இதனால் சகல குடிமக்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நமது உலகம் நிலைகுலைந்து வருவதற்கான காரணம் தீவிர ஆய்வுக்குப் பின் கண்டறியப்பட்டுவிட்டது. காரணம், கோழி. இன்று மாலைக்குள் கோழிகள் அனைத்தும் ஒழிக்கப்படும். தலைமையின் முடிவே இறுதியானது.

குடிமக்கள் மொத்தம் ஐந்து பேர். தலைமை என்பது, வீட்டின் பின்னறையில் பனியனோடு உட்கார்ந்திருந்த ஒரு காப்பீட்டு முகவர். உலகம் என்பது அவருடைய கணினியில் ஓடும் ஒரு விளையாட்டு. தீவில் மரம் வெட்டி, கல் உடைத்து, வீடு கட்டி, உயிரோடு இருந்துகாட்ட வேண்டும். கூட ஆடுபவர்கள் அக்கா, அக்காவின் கணவர், அலுவலக நண்பர்கள் இருவர். எல்லோருக்கும் அவர் தலைவர். அக்காவுக்கு மட்டும் ‘டேய்’.

ஆரம்பத்தில் திரை வினாடிக்கு அறுபது ஃபிரேம், அதாவது அறுபது படம், ஓடியது. குடியிருப்பு வளர வளர நாற்பது, இருபது என்று இறங்கி, இப்போது பதினொன்றில் நொண்டியது. கதவைத் திறந்தால் ஆல்பம் புரட்டுவது போலிருந்தது.

“ஒவ்வொரு கோழியும் எங்க நடக்கலாம், எதைக் கொத்தலாம்னு கம்ப்யூட்டர்தான் யோசிக்கணும். எண்பது கோழிக்கு யோசிச்சா அது என்னத்துக்கு ஆகும்?” என்றார் தலைவர், மைக்கில்.

பொய்யில்லை. பாதி உண்மை. அது பொய்யைவிட வசதியானது.

“பாதியாவது விட்டு வையேன்டா,” என்றாள் அக்கா. ஒரு சேவலும் ஒரு பெட்டையும் பிடித்துவந்து, எண்பதாக்கியவள் அவள். “ஆஸ்பத்திரி வேலையில நாளெல்லாம் துணி துவைச்சுப் போட்டுட்டு வந்து அதுங்களப் பார்த்தாதான் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்கு.”

“சட்டம்னா சொந்தக்காரங்களுக்கும் சட்டம்தான் அக்கா.”

அக்கா சொன்னாள்: “சரி. நானே பண்றேன். நீ கை வைக்காத.”

பண்ணினாள். கடைசிக் கோழி விழுந்ததும் விளையாட்டிலிருந்து வெளியேறிவிட்டாள்.

“மச்சான், ஒரு சந்தேகம்,” என்றார் அவள் கணவர். “திரை மூலையில பொருள் எண்ணிக்கை காட்டுமே, அது குறையல. நூத்தியறுபது கூடியிருக்கு. ஃபிரேம் ஒன்பதாயிடுச்சு.”

ஒரு கோழி செத்தால் ஒரு துண்டு இறைச்சியும் இரண்டு இறகும் விழும். மூன்றும் தனித்தனிப் பொருள். குடியிருப்பு எல்லைக்குள் விழுந்தவை, யாராவது எடுக்கும்வரை மறையவும் மறையாது. ஒன்றின்மேல் ஒன்றாக முட்டி உருண்டுகொண்டிருந்தன.

“பொறுக்கிட்டா சரியாயிடும் அத்தான்.”

பொறுக்கினார்கள். பன்னிரண்டு ஆனது. எண்பது உயிருக்கு ஒரே ஒரு ஃபிரேம் லாபம்.

தலைவர் விடவில்லை. “இருங்க, தள்ளிப் போய்ப் பார்த்து நிரூபிக்கறேன்,” என்று மேட்டைத் தாண்டி வெட்டவெளிக்கு ஓடினார். “அறுபது! பார்த்தீங்களா? தீவே தேறிடுச்சு!”

உற்சாகத்தோடு திரும்பி நடந்தார், எண்ணை உரக்க வாசித்தபடி. “ஐம்பது... நாற்பத்திரண்டு... இருபத்தாறு...” மேட்டின் மேல் அவருடைய அரண்மனைக் கோபுரம் தெரிந்தது. “பதினாறு... பன்னி...”

நிறுத்திக்கொண்டார்.

பதினாலாயிரம் துண்டுகளால் ஆனது அந்த அரண்மனை. ஒவ்வொரு கல்லும் பலகையும் தனிப் பொருள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணினி அத்தனையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். முந்நூறு விளக்குகளின் நிழல்களையும் திரும்பத் திரும்பப் போட்டாக வேண்டும். போதாக்குறைக்கு, கல்சுவர் எழுப்பியபோது பழைய மரச்சுவரை இடிக்க அவருக்குச் சோம்பல். அது கல்லுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், கணினியின் கணக்கில் மட்டும் அப்படியே நின்றது.

பதினாலாயிரம் என்ற அந்த எண்ணை அவர் முன்பே திரையில் பார்த்திருந்தார். பெருமையாகத்தான் பார்த்திருந்தார்.

“மச்சான்,” என்றார் அத்தான் மெதுவாக, “மைக் ஆன்லதான் இருக்கு.”

தலைவருக்குக் காது வரை சூடேறியது. பின்னறையில் தனியாக இருந்தவர், ஏனோ எழுந்து சட்டை போட்டுக்கொண்டார்.

மறுநாள் தொடங்கி இடித்தார். மரச்சுவர், விளக்குகள், கடைசியில் சிம்மாசன மண்டபம். விழுந்த கல்லையும் கட்டையையும் தானே பொறுக்கினார். அறிவிப்பு ஏதும் வெளியிடவில்லை. ஒன்று எழுதத்தான் பார்த்தார். ‘இதனால் சகல’ என்பதோடு விரல் நின்றுவிட்டது. அக்காவுக்குப் போன் செய்தார்.

“இப்ப நல்லா ஓடுதாடா?”

“ஐம்பத்தஞ்சு ஓடுது.”

“சந்தோஷம்.”

“காரணம் கோழி இல்லக்கா... என் அரண்மனைதான்.”

“அத்தான் சொன்னாரு.”

“நான் புடிச்சுத் தர்றேன். நீ திரும்ப வா.”

“புடிச்சிட்டுக் கூப்பிடு.”

தீவின் மறுகோடிக்கு நடந்தார். காட்டுப்பன்றி இரண்டு முறை கொன்றது. ஒருவழியாக இரண்டு கோழிகளை விரட்டிப் பிடித்து, மலையேற்றி, ஆற்றைக் கடந்து, கூட்டில் விட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

வந்தாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

இரண்டும் சேவல்.