துளசிராமனின் தப்பு

துளசிராமனின் தாத்தா பி.ஏ., அப்பா வக்கீல். என் அப்பா பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிறவர். கும்மிடிப்பூண்டி பெயின்ட் கம்பெனி சோதனைக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே வேலைதான் பார்த்தோம். அவன் சீட்டியடித்துக்கொண்டே பார்ப்பான். நான் யாரோ வந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்போவதுபோலப் பார்ப்பேன். பி.எஸ்.சி.யில் முதல் வகுப்பு வாங்கியவள்தான். படித்த கேள்விகளே வந்துவிட்டன என்றுதான் இன்றுவரை நினைத்திருந்தேன். மூன்று வருஷமுமா வரும், முட்டாளே?

ஆளிவிதை எண்ணெய் லாரி வந்தது. அமில எண் நாலுக்கு மேல் போனால் திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு ஆறு வந்தது. துளசிராமனுக்கு மூன்று.

உடனே நான் என்னைச் சந்தேகப்பட்டேன். குடுவையைக் கழுவி மறுபடி செய்தேன். ஆறு. கரைசலை மாற்றிச் செய்தேன். ஆறு. கண் கோளாறோ, நிறம் மாறுவதைத் தப்பாகப் பார்க்கிறேனோ என்று ஜன்னலோரம் போய்ச் செய்தேன். அப்போதும் ஆறுதான். அவனை ஒரே ஒரு முறை மறுபடி செய்யச் சொல்லலாம் என்று தோன்றவே இல்லை. அடுத்த வாரம் என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். மானேஜர் பரசுராமன் கேட்டபோது, மூன்றுதான் சார் என்றேன்.

இரவு அம்மாவிடம், வேலையில் ஒன்று புரியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"படிச்சவ நீ. உனுக்கே பிரியலன்னா எங்கையில இன்னாத்துக்குடி சொல்லிக்கினு கீற?" என்று மீன் குழம்பை ஊற்றினாள்.

அங்கே மீன்காரி, இங்கே படித்தவள். இரண்டு இடத்திலும் வாயைத் திறக்க முடியாது.

நாலு நாளில், அந்த எண்ணெயில் செய்த பெயின்ட் டப்பாவுக்குள்ளேயே கட்டித் தயிராக இறுகியது. பரசுராமன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

துளசிராமன் தலையைச் சொறிந்தான். "காரக் கரைசல் பாட்டில் மாறிப்போச்சு சார். ரெண்டு மடங்கு ஸ்ட்ராங்கை எடுத்துட்டேன், அதான் பாதி காட்டிடுச்சு. அவசரம்."

பரசுராமன் சிரித்தார். "உங்கப்பாவும் அவசரக்காரர்தான்யா."

அவ்வளவுதான். ஒருத்தனும் அவன் பட்டத்தைச் சந்தேகிக்கவில்லை. அவன் பண்ணினால் அது தப்பு. நான் பண்ணியிருந்தால் அது நான். இந்தக் கணக்கை எனக்கு யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. நானே போட்டு, நானே நம்பி, சரியான விடையை அவன் காலில் வைத்தேன்.

"எனக்கு ஆறு வந்தது சார்," என்றேன்.

"அப்புறம் ஏம்மா மூணுன்னே?"

"அவர் சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன்."

பரசுராமன் சிரிக்கவில்லை. நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. எனக்கு மட்டும்.

அடுத்த லாரியில் எனக்கு ஐந்து வந்தது, துளசிராமனுக்கு மூன்றரை. இந்த முறையும் முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன்.

"எனக்கு அஞ்சு," என்றேன் துளசிராமனிடம். "நீங்க மறுபடி பண்ணுங்க."