தொடர்பு கொல்லவும்

செய்தித் தள அலுவலகத்தில் அவளை எல்லாரும் ழகரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கண்ணில் படாமல் எந்தப் பதிவும் இணையத்தில் ஏறாது. மழை மலையாவதையும், காலை நேரம் காளை நேரமாவதையும் பொறுக்கி எடுப்பது அவள் வேலை. கணினி சிவப்புக் கோடு போடாத பிழைதான் ஆளைக் கவிழ்க்கும் என்பாள். காளையும் ஒரு சொல்தானே, கணினிக்கு என்ன தெரியும்? எழுதியவரே தன் பதிவைச் சரிபார்க்கக் கூடாது என்ற விதியும் அவள் கொண்டுவந்ததுதான். எழுதியவர் கண் எழுத்தைப் பார்க்காது, நினைப்பைத்தான் பார்க்கும்.

ஒரு நாள் காலை வீட்டிலிருந்து இறங்கிப் போன அவள் அண்ணன் திரும்பவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு வராது. பேரைக் கேட்டால் சிரிப்பார். அண்ணி போனில் அழுதுகொண்டிருக்க, அதைத் தோளில் இடுக்கியபடியே அவள் அடையாளங்களை அடித்தாள். நீலச் சட்டை, இடது கால் இழுக்கும், தன் செல் நம்பர்.

"குடு, நான் ஒரு வாட்டி பாத்துடறேன்" என்றார் ஆசிரியர்.

"நேரமில்ல சார். என் அண்ணனப் பத்தி எனக்குத் தெரியாதா?"

பதிவு ஏறியது. அரை மணி நேரத்தில் ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள். அவளுக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் கடைசி வரியைப் பார்த்தாள்: 'இவரைக் கண்டால் உடனே தொடர்பு கொல்லவும்.'

ஷிஃப்டோடு அழுத்தினால் ள, விரல் தவறினால் ல. அவ்வளவுதான். உடனே திருத்தினாள். ஆனால் அதற்குள் திரையைப் படம் பிடித்தவர்கள் பிடித்தாயிற்று. ஊரே அதை வைத்துச் சிரித்தது. செல் ஓயவில்லை.

"மேடம், ஆளப் பாத்துட்டேன். கொன்னுடவா?"

ஒவ்வொரு அழைப்பையும் எடுத்தாள். எடுக்காமல் எப்படி இருக்க முடியும்?

சாயங்காலம் சிரிக்காத குரல் ஒன்று வந்தது. பேருந்து நிலையத்தைப் பெருக்குகிற அம்மாள்.

"பதினோரு மணிலேருந்து கூப்பிடறேம்மா, லைனே கெடைக்கல. நீலச் சட்டை, கால இழுத்துக்கிட்டு. டீ வாங்கிக் குடுத்து ரெண்டு மணி வரைக்கும் உக்கார வெச்சிருந்தேன். குப்பையக் கொட்டிட்டு வர்றதுக்குள்ள ஏதோ பஸ்ல ஏறிட்டாரு."

"எந்த ஊர் பஸ்ஸும்மா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஒன் நம்பரக்கூட, செல்லுல இதப் பாத்த ஒருத்தர்தான் போட்டுக் குடுத்துட்டுப் போனாரு."

அந்த ஒரு மணி நேரத்தில் அங்கிருந்து அறுபது பேருந்துகள் கிளம்பியிருந்தன. அவளும் அண்ணியும் ஒவ்வொரு ஊராக இறங்கிக் கேட்டார்கள். காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொண்டார்கள்.

பிழையில்லாத புதுப் பதிவை ஆசிரியரே மூன்று முறை படித்துப் போட்டார். நாற்பத்து மூன்று பேர் பகிர்ந்தார்கள்.

அண்ணி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மாதம் ஒன்றாகிவிட்டது. இப்போதும் மணி அடித்தால் எடுக்கிறாள். யாரோ சிரிக்கிறார்கள். சிரித்து முடிக்கும்வரை காதிலிருந்து இறக்காமல் வைத்துக் கேட்கிறாள்.